காலி வீதிக் கடைக்கு மூன்று தரம் எழுதிய அனுசரணைக் கடிதம்

எங்கள் கல்லூரித் திரைப்பட மன்றம் போன வருடம் ஒரு 12 நிமிடக் குறும்படம் எடுத்தது. செலவு 92,000 ரூபாய் வரும் என்று கணக்குப் போட்டோம். கையில் 52,000தான் சேர்ந்தது. மிச்சத்துக்குக் கடை கடையாகப் போவதென்று முடிவு.

முதல் கடிதத்தை நான்தான் எழுதினேன். ‘இயன்ற உதவியை நல்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம், தங்கள் பெயர் திரையில் இடம்பெறும்’ என்று முடித்திருந்தேன். பிரதி எடுத்து வெள்ளவத்தையில் காலி வீதி நெடுகப் பதினைந்து கடைக்குக் கொடுத்தோம். “முதலாளி வரேக்க குடுக்கிறன்” என்று வாங்கி வைத்தார்கள். இரண்டு கிழமையாக ஒரு அழைப்பும் இல்லை.

பதினாறாவதாகப் போன புடவைக் கடையில் முதலாளியே காசு மேசையில் இருந்தார். கடிதத்தை முழுதாக வாசித்தார்.

“தம்பி, இயன்ற உதவி எண்டா எவ்வளவு? ஐந்நூறும் இயன்றதுதானே. பெயர் போடுவம் எண்டு எழுதியிருக்கிறியள், எங்க போடுவியள்? சனம் எழும்பிப் போகேக்கயோ?”

பதில் சொல்லத் தெரியாமல் திரும்பி வந்தோம். அன்றிரவே இரண்டாவது கடிதம் எழுதினோம், அவர் ஒருவருக்கு மட்டும். கேட்கும் தொகை 40,000 ரூபாய். அது இரண்டு நாள் விளக்கு, லென்ஸ் வாடகைக்கு. வாடகைக் கடையின் கொட்டேஷன் இணைப்பில். படம் தொடங்குமுன் கறுப்புத் திரையில் கடையின் சின்னமும் பெயரும் 4 செக்கன் தனியாக நிற்கும், அந்த அட்டையில் வேறு கடை வராது. கடைசி நன்றிப் பட்டியலில் இன்னொரு தரம். திரையிடல் கல்லூரி மண்டபத்தில், 300 கதிரை. எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று எழுதவில்லை. கதிரையை எண்ணலாம், வருகிறவர்களுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு நிற்பது?

அவர் தலையாட்டினார். ஆனால் இரண்டு திருத்தம் கேட்டார். அட்டையில் ‘வழங்கும்’ என்று வரவேண்டும். கதாநாயகி பஸ்ஸுக்கு நிற்கும் காட்சியில் கடைப் பை கையில் இருக்கவேண்டும். முதலாவதைக் கேட்டபோது சின்ன விஷயம் என்று நினைத்தேன். பொறுப்பாசிரியர்தான் மறித்தார். ‘வழங்கும்’ என்றால் படமே அவருடையது என்றுதான் பார்க்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நாளைக்கு ஒரு விழாவுக்கு அனுப்பினால் தயாரிப்பு யார் என்று கேட்பார்கள்; படிவத்தில் மன்றத்தின் பெயரும் திரையில் கடையின் பெயரும் இருந்தால் யாருக்கு விளக்கம் சொல்வது? ஆகவே ‘அனுசரணை’ என்ற சொல்லே நின்றது. பைக்கும் மறுத்தோம். பதிலுக்கு மண்டப வாசலில் கடையின் பதாகை கட்டச் சம்மதித்து, ‘கதையிலோ காட்சியிலோ மாற்றம் செய்யப்படமாட்டாது’ என்ற வரியையும் சேர்த்தோம். முதலாளி கோபிக்கவில்லை. “சரி, பையை வாசலில குடுப்பம்” என்றார்.

காசோலையை யார் பெயருக்கு எழுதுவது என்று அவர் கேட்டபோதுதான் மூன்றாவது கடிதத்தின் தேவை வந்தது. மன்றத்துக்கு வங்கிக் கணக்கே இல்லை. மன்றத்தின் பெயரில் குறுக்குக் கோடிட்ட காசோலை தந்தால் அதை எங்கேயும் வைப்பிலிட முடியாது. என் பெயருக்கு வாங்குவது அதைவிட மோசம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பெயருக்கு எழுதும்படியும், சங்கத்தின் பற்றுச்சீட்டு தரப்படும் என்றும் கல்லூரிக் கடிதத் தலைப்பில் எழுதி, அதிபரின் கையொப்பமும் இறப்பர் முத்திரையும் வாங்கினோம். அந்த ஒரு கையொப்பத்துக்கு ஒன்பது நாள் போனது. முதலே அங்கிருந்து தொடங்கியிருக்கலாம்.

காசு வந்தபிறகு சின்னம் வந்தது, வாட்ஸ்அப்பில், விசிட்டிங் காட்டைப் படம்பிடித்து. மடிக்கணினியில் மோசமில்லை. மண்டபத் திரையில் போட்டுப் பார்த்தால் கறுப்பின் நடுவே வெள்ளைச் சதுரம், எழுத்து விளிம்பெல்லாம் எறும்பு அரித்த மாதிரி. பில் புத்தகம் அடித்த அச்சகத்தில் மூல பீடிஎஃப் கோப்பு இருக்கும் என்று கடைப் பையன் சொன்னான். கொட்டாஞ்சேனைக்குப் போய் வாங்கினோம். எவ்வளவு பெரிதாக்கினாலும் எழுத்து உடையவில்லை, பின்னணியும் வெறுமையாக இருந்தது. பெயரிலும் ஒரு சிக்கல்: பலகையில் ‘டெக்ஸ்’, பில்லில் ‘டெக்ஸ்டைல்ஸ்’. முதலாளியிடமே ஒரு தாளில் எழுதி, கீழே ஒப்பமிட்டுத் தரச் சொன்னோம்.

திரையிடல் அன்று அவர் குடும்பத்தோடு முன்வரிசையில் இருந்தார். அட்டை வந்ததும் சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தார், பூட்டைத் திறந்தார், கமெராவைத் தேடினார். அதற்குள் 4 செக்கன் முடிந்துவிட்டது. படம் முடிந்ததும் அந்த இடத்தை மட்டும் நிறுத்தி வைத்து, அவர் படமெடுக்கும்வரை விளக்கைப் போடாமல் நின்றோம். இந்த வருடக் கடிதத்தில் 7 செக்கன் என்று போட்டிருக்கிறோம்.