அறிக்கையில் இருந்த ஓர் 'ஆகவே'

மண்டபம் கடற்கரையில் கள ஆய்வாளராக வேலை பார்த்த காலத்தில் நான் எழுதிய முதல் அறிக்கை, "தீவை ஒட்டிய கடலில் உயிருள்ள பவளப்பரப்பு குறைந்துள்ளது, ஆகவே அங்கே பாசி எடுக்கக் கூடாது" என்று முடிந்தது. பாசி எடுக்கும் பெண்களிடம் அதை வாசித்துக் காட்டியபோது, அவர்களுள் மூத்தவர் ஒருவர் கேட்டார்: "பவளம் குறைஞ்சது சரி தம்பி. அதுலேருந்து நான் எடுக்கக் கூடாதுன்னு எப்படி வந்துச்சு?"

மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ம் 1986 முதல் தேசியப் பூங்கா, சட்டம் தடுக்கிறது என்றேன். "சட்டம் இருக்குறது எனக்கும் தெரியும், அது நியாயமான்னுதான் கேக்குறேன்" என்றார். சட்டம் இருப்பதும் ஒரு தகவல்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

1740-இல் வெளிவந்த 'மனித இயல்பு பற்றிய ஆய்வுரை'யின் மூன்றாம் நூலில் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் சுட்டிக்காட்டியதும் இந்தத் தாவலைத்தான்: 'இருக்கிறது', 'இல்லை' என்றே எழுதிக்கொண்டு வருபவர்கள், காரணம் ஏதும் சொல்லாமல் திடீரென்று 'வேண்டும்', 'கூடாது' என்பதற்கு மாறிவிடுகிறார்கள்.

அன்றிரவு இடைவெளியை நிரப்ப முயன்றேன். மிதிபடும் பவளம் உடைகிறது, பவளம் அழிந்தால் மீன்குஞ்சுகளுக்குப் புகலிடம் குறைகிறது, மீன் குறைந்தால் நாளைய வருமானம் குறைகிறது. சங்கிலி நீண்டதே தவிர, ஒவ்வொரு கண்ணியும் 'இருக்கிறது' வகையாகவே இருந்தது. நாளைய பிள்ளைகளின் மீனுக்காக இன்றைய அடுப்பை அணைப்பது தகும் என்ற கூற்றை நடுவில் வைத்தால் மட்டுமே 'கூடாது' பிறந்தது. அந்தக் கூற்றைக் கடலடியில் எந்தச் சட்டகம் போட்டு எண்ணியும் நான் கண்டெடுத்திருக்க முடியாது.

இதனால் தகவல் வீண் என்று ஆகிவிடாது. அந்தக் கூற்றை ஏற்றுக்கொண்ட பிறகும், பவளம் வெளுத்துக் குறைந்ததற்குக் காரணம் கடல்நீர் சூடானதுதான் என்று தெரியவந்தால், பாசி எடுப்பவர்கள் மீதான என் முடிவு விழுந்துவிடும். தகவலால் ஒரு முடிவைச் சாய்க்க முடிகிறது, தனியாக நின்று கட்டத்தான் முடிவதில்லை.

அமெரிக்கத் தத்துவவாதி ஜான் சேர்ல் 1964-இல் இதை மறுத்தார்: ஒருவர் வாக்குக் கொடுத்தார் என்பது தகவல், அதிலிருந்தே அவர் அதை நிறைவேற்ற வேண்டும் என்பது பிறக்கிறது என்றார். எங்கள் கரையில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் பாசியை அவருக்கே போட வேண்டும் என்பதும் அப்படித்தான் தோன்றும். ஆனால் பிள்ளையின் மருத்துவச் செலவுக்கு வேறு வழியின்றி வாங்கிய முன்பணத்துக்கு, வியாபாரி சொல்லும் அடிமாட்டு விலைக்கே சரக்கைப் போட வேண்டுமா? முன்பணத்துக்கு இந்த ஊரில் என்ன கடமை உண்டு என்பதை அந்த வழக்கம் சொல்லும். அந்த வழக்கத்துக்கு நாம் கட்டுப்பட வேண்டுமா என்ற கேள்வி அப்படியே நிற்கும். சேர்லின் வாதம் கெட்டிக்காரத்தனமானது, ஆனாலும் எனக்கு அது போதவில்லை.

அறிக்கையைத் திருத்தியபோது 'ஆகவே'யை எடுத்துவிட்டு, யாருடைய எந்த இழப்பை நாங்கள் பெரிதாகக் கருதுகிறோம் என்பதைத் தனி வாக்கியமாக எழுதினேன். என் மேலதிகாரி அந்த வாக்கியத்தைச் சிவப்பு மையால் சுழித்து, "இது ஆய்வு முடிவு இல்லையே" என்று ஓரத்தில் குறித்திருந்தார்.