ரிப்போர்ட்டில் நார்மல், கட்டைவிரலில் நெருப்பு

இரவு இரண்டு மணிக்கு வலது கால் கட்டைவிரலின் அடிமூட்டு என்னை எழுப்பியது. சிவந்து, பளபளவென்று வீங்கியிருந்தது. போர்வை நுனி பட்டாலே உயிர் போனது. காலையில் ரத்தம் கொடுத்தேன். யூரிக் அமிலம் 6.3, நார்மல். சீழ் பிடித்திருக்கும் என்று ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் வடிந்துவிட்டது. மாத்திரையால்தான் என்று நம்பினேன்.

மூன்று மாதம் கழித்து அதே விரல், அதே வலி. இந்த முறை பார்த்த மூட்டுநோய் மருத்துவர் ஊசியால் மூட்டு நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். நுண்ணோக்கியில் வெள்ளை அணுக்களுக்குள்ளேயே ஊசி ஊசியாக யூரிக் அமிலப் படிகங்கள். கவுட் என்ற மூட்டுவாதம்! "வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் அளவு இறங்கிக் காட்டலாம். அடங்கி இரண்டு வாரம் கழித்துப் பாருங்க சார்" என்றார். பார்த்தேன், 8.9.

மட்டனை நிறுத்தினால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் மட்டனில் இருந்து யூரிக் அமிலமாக மாறும் பியூரின் என்ற பொருள் நம் செல்களின் டி.என்.ஏ.விலேயே இருக்கிறது. பழைய செல்கள் சிதையும்போது அது ஹைப்போசாந்தின் ஆகி, சாந்தின் ஆகி, கடைசியில் யூரிக் அமிலமாகிறது. இந்தக் கடைசி இரண்டு படிகளையும் நடத்துவது சாந்தின் ஆக்சிடேஸ் என்ற ஒரே நொதி. பெரும்பாலான பாலூட்டிகள் யூரிகேஸ் என்ற நொதியால் இதை இன்னும் உடைத்து, எளிதில் கரையும் பொருளாக்கிவிடும். நம்மிடம் அந்த நொதி இல்லை. சுமார் மூன்றில் இரண்டு பங்கு உடம்பே தயாரிப்பது என்பதால் பத்தியம் ஓரளவுக்குத்தான் உதவும்.

பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை உற்பத்தியில் இல்லை, சிறுநீரகம் சரியாக வெளியேற்றாததில்தான். என் ரத்த அழுத்த மாத்திரையில் இருந்த தயசைடு என்ற சிறுநீர் பெருக்கி அதை இன்னும் மோசமாக்கியிருக்கிறது. மருத்துவர் அதை லோசார்டனாக மாற்றினார்.

உடல் சூட்டில் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம் வரைதான் கரையும். அதற்கு மேல் போனால், பாகில் கற்கண்டு படிவதுபோல மூட்டில் படிகமாக ஒட்டும். குளிரக் குளிரக் கரையும் அளவு குறையும், அதனால்தான் உடம்பிலேயே குளிர்ந்த கால் விரலை அது விரும்புகிறது. ஒட்டிய படிகம் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். வெள்ளை அணு அதை விழுங்கும்போதுதான் இந்த ரகளை எல்லாம்.

சாந்தின் ஆக்சிடேஸைத் தடுக்கும் அலோபுரினால், 100 மில்லிகிராமில் தொடங்கினோம். கூடவே வலி திரும்ப வராமல் தடுக்கக் கொடுத்த கோல்சிசினை நான் வாங்கவே இல்லை, வலிதான் இல்லையே! மூன்றாம் வாரம் மறுபடி தாக்கியது. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று நானே நிறுத்திவிட்டுப் போய் நின்றேன், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ரத்தத்தில் அளவு இறங்கியதும் பழைய படிகங்கள் கரையத் தொடங்கி, தளர்ந்து மூட்டுக்குள் உதிர்கின்றன. அந்த வலி மருந்து வேலை செய்வதால் வந்தது. தோலில் தடிப்பு வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு வரச் சொன்னார்.

அப்புறம் ஆறு மாதம் இரண்டையும் ஒழுங்காகப் போட்டேன். அலோபுரினால் படிப்படியாக 300 ஆனது. இலக்கு 6-க்குக் கீழே, போன மாத ரிப்போர்ட்டில் 5.4.