0.013-ஐ 0.01 ஆக்கிய நாள்

தனி ஊசல் சோதனையின் ரெக்கார்டு நோட்டு ஒன்றில் நான் போட்ட சிவப்புக் கோடு இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. மதிப்பெண் என்னவோ ஒன்றுதான் குறைந்தது. அந்த மாணவி அதைப் பற்றி மறுபடி பேசவும் இல்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு நான் சொன்னது பதிலே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல். 20 அலைவுகளுக்கான நேரத்தை ஐந்து முறை எடுத்திருந்தாள்: 40.16, 40.25, 40.10, 40.21, 40.13 வினாடி. சராசரி 40.17. திட்ட விலக்கம் 0.060 என்று எழுதியிருந்தாள். நான் என் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், 0.054 வந்தது. உடனே சுழித்துவிட்டேன்.

"சார், நான் n−1 போட்டேன்," என்றாள்.

திரும்பப் பார்த்தால் நான் அழுத்தியிருந்தது xσn. அளவீடுகள் ஐந்துதான், அந்த ஐந்திலிருந்தே சராசரியையும் எடுத்திருக்கிறோம் என்றால் 5-ஆல் வகுக்கக்கூடாது, 4-ஆல்தான் வகுக்க வேண்டும். அதாவது xσn-1. பல வருடமாக வகுப்பில் நானே சொல்லிக்கொடுப்பது இது. "சரிம்மா, நீ போட்டதுதான் சரி" என்று சுழித்ததை அடித்தேன். பின்னால் வரிசையில் நான்கைந்து பேர் நோட்டோடு நின்றுகொண்டிருந்தார்கள். அடுத்து நடந்ததற்கு இதுவும் ஒரு காரணமோ என்று பிறகு யோசித்திருக்கிறேன். ஒரு தடவை விட்டுக்கொடுத்துவிட்டால் அடுத்த தடவை கை கொஞ்சம் இறுகித்தான் போகிறது.

கடைசி வரியில் புவியீர்ப்பு முடுக்கம் g = 9.786 ± 0.013 m/s² என்று முடித்திருந்தாள். கணக்கு சரிதான். 0.060-ஐ √5-ஆல் வகுத்தால் சராசரியின் பிழை 0.027 வினாடி. 40.17-இல் அது எத்தனை பங்கோ அதைப் போல இரண்டு மடங்கு g-க்கு வரும், ஏனென்றால் சூத்திரத்தில் அலைவு நேரம் T-க்கு இருமடி இருக்கிறது. பெருக்கினால் 0.013. நான் அதை அடித்துவிட்டு 9.79 ± 0.01 என்று மேலே எழுதினேன். பிழைக்கு ஒரே ஒரு முக்கிய எண்ணுருதான், விடையை அதே தசம இடத்துக்கு முழுமைப்படுத்த வேண்டும். எங்கள் ஆய்வக வழக்கம் அது.

"சார், 0.013-ஐ 0.01 ஆக்கினா பிழை கிட்டத்தட்ட கால் பங்கு குறைஞ்சிடுதே. அளக்காமலே நல்லா அளந்த மாதிரி ஆயிடாதா?"

"ரூல் ஒரு இலக்கம்தான்மா. வைவாவுல எக்ஸ்டர்னல் கேட்டா என்ன சொல்லுவ? ரெக்கார்டுல இப்படியே எழுதிடு."

அவ்வளவுதான். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ஒரு இலக்க வழக்கம் எதற்கு வந்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அதே வரிசையில் அடுத்து வந்த நோட்டில் g = 9.78624517 என்று இருந்தது. கால்குலேட்டர் திரையில் தெரிந்ததை அப்படியே இறக்கிவைத்திருந்தான். கையால் அமுக்கும் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு எட்டு தசம இடம்! இந்தப் பழக்கத்தை நிறுத்தத்தான் அந்த விதி. ஆனால் முதல் இலக்கம் 1-ஆக இருக்கும்போது விதி இடிக்கிறது. 0.084-ஐ 0.08 ஆக்கினால் போவது 5 சதவீதம், யாருக்கும் நஷ்டமில்லை. 0.013-ஐ 0.01 ஆக்கினால் போவது 23 சதவீதம். அதனால்தான் முதல் இலக்கம் 1 என்றால் இரண்டு இலக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று பலரும் சொல்கிறார்கள். துகள் இயற்பியல் அளவீடுகளைத் தொகுத்து வெளியிடும் பார்ட்டிகிள் டேட்டா குரூப்பின் விதி இன்னும் தெளிவு: பிழையின் முதல் மூன்று இலக்கங்கள் 100-லிருந்து 354 வரை இருந்தால் இரண்டு இலக்கம், 355-லிருந்து 949 வரை என்றால் ஒன்று. அவளுடைய பிழையை இன்னும் ஒரு இலக்கம் நீட்டினால் 0.0132, அதாவது 132. இரண்டு இலக்கம் வைத்திருக்க வேண்டும். விடையையும் 9.786-லிருந்து 9.79-க்கு நான் 0.004 நகர்த்தியிருக்கிறேன். அது அவளுடைய பிழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

அன்று இரவு எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐந்து அளவீட்டில் கிடைக்கும் திட்ட விலக்கத்தை எந்த அளவு நம்பலாம்? அதற்கும் ஒரு பிழை உண்டு, தோராயமாக 1/√(2(n−1)). n = 5 என்றால் 35 சதவீதம். அப்படியானால் அவளுடைய 0.013 என்பது 0.009 முதல் 0.018 வரை எதுவாகவும் இருக்கலாம். அதில் அந்த '3' என்ன பெரிய தகவல்? இந்த வாதம் தவறில்லை. அன்றைக்கே அவளிடம் சொல்லியிருந்தால் அது ஒரு பதிலாக இருந்திருக்கும். நான் சொன்னது "ரூல்". மேலும், '3' நிச்சயமில்லை என்பதால் அதைக் கீழ்ப்பக்கமாக வெட்டிவிடலாம் என்று ஆகிவிடாதே. நிச்சயமில்லாத பிழையை யாராவது குறைத்துக் காட்டுவார்களா?

இதைவிட மோசமானது ஒரு வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. அவளும் நானும் நேரத்தைப் பற்றி மட்டும் பேசியிருக்கிறோம். நீளம்? பிளந்த கார்க்கின் அடிப்பக்கத்திலிருந்து குண்டின் மையம் வரை மீட்டர் ஸ்கேலை வைத்து அளப்பது. குண்டின் விட்டத்தை வெர்னியரில் எடுத்துவிடலாம், ஆனால் மேலே நூல் எந்த இடத்தில் வளைய ஆரம்பிக்கிறது என்பதை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னேதான் சொல்ல முடியும். ஒரு மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் g-இல் 0.0098. நேரத்தால் வந்த பிழைக்கு இது அவ்வளவு சளைத்ததில்லை. ஐந்து முறை அலையவிட்டாலும் கார்க்கில் நூல் அதே இடத்தில்தான் இருக்கும் என்பதால் திட்ட விலக்கத்தில் இது துளிகூடத் தெரியாது. இரண்டையும் இருமடியாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.016. நான் கட்டிக்காத்த ஒரு இலக்க விதியின்படியே அது 0.02 ஆகியிருக்கும். அவள் எழுதியது சிறிது. நான் திருத்தியது அதைவிடச் சிறிது, இருக்க வேண்டியதில் பாதிதான்.

அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். இன்டர்னல் மதிப்பெண்ணை அதற்குள் ஏற்றிவிட்டோம் என்று சாக்கு வைத்திருந்தேன். ஒரு மதிப்பெண்ணுக்காக அவள் கேட்கவில்லை என்பது தெரிந்தும் அதை மதிப்பெண் விஷயமாகவே வைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. 9.78624517 எழுதியவனுக்கு எத்தனை குறைத்தேன் தெரியுமா? அவனுக்கும் ஒன்றுதான்.

செய்முறைத் தேர்வுக்கு முன்னால் ரெக்கார்டுகளை அடுக்கும்போது அவளுடையதைப் புரட்டினேன். நான் சொன்னபடி மாற்றி, நல்ல கையெழுத்தில், அடிக்கோடிட்டு 9.79 ± 0.01 என்று எழுதியிருந்தாள். அப்சர்வேஷன் நோட்டில் பென்சிலால் எழுதிய 9.786 ± 0.013 அழிக்காமல் அப்படியே இருந்தது. இரண்டுக்குக் கீழும் என் கையெழுத்து.