எனக்கு நானே எழுதும் நன்றிக் கடிதம்: நான்கு மாதக் கணக்கு

2024 ஜூன் 1 அன்று தொடங்கினேன். இரவு 9.30 மணிக்கு அலாரம் அடிக்கும். அன்று நன்றி சொல்லத் தோன்றிய ஒன்றை எழுதி என் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுவேன். நோட்டுப் புத்தகம் வைத்து எழுதும் பழக்கம் எனக்கு இரண்டு முறை பாதியில் நின்றுபோயிருக்கிறது. நோட்டு ஓர் ஊரில் இருக்கும், நான் வேறு ஊரில் இருப்பேன். கைப்பேசி அப்படி விட்டுப்போவதில்லை.

முதல் வாரத்திலேயே ஒரு சிக்கல். மின்கட்டண நினைவூட்டலுக்கும் வங்கி அறிவிப்புக்கும் நடுவில் என் கடிதமும் படிக்காத வேலை போல உட்கார்ந்திருந்தது. அதைத் தனியே பிரிக்க ஜிமெயிலில் எளிய வழி உண்டு. முகவரியில் @ குறிக்கு முன்னால் +nandri என்று சேர்த்து அனுப்பினாலும் கடிதம் அதே கணக்குக்குத்தான் வரும். அந்த முகவரிக்கு வருபவை இன்பாக்ஸுக்குப் போகாமல் nandri என்ற லேபிளின் கீழ் சேரும்படி ஒரு வடிகட்டி அமைத்தேன். லேபிளுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைத்ததற்குக் காரணம் சோம்பல்தான். தேடும்போது விசைப்பலகையை மாற்ற வேண்டியதில்லை.

மாதத் தொகுப்புக்கு இப்படித் தேடுகிறேன்:

```
label:nandri after:2024/06/01 before:2024/07/01
```

முதல் முறை before-க்குப் பிறகு 06/30 என்று போட்டேன். 30ஆம் தேதிக் கடிதத்தைக் காணவில்லை. அந்த இடத்தில் கொடுக்கும் நாள் கணக்கில் சேராது என்பது அப்போதுதான் புரிந்தது. நள்ளிரவு தாண்டி எழுதியவை மறுநாள் கணக்கில் விழுகின்றன என்பதால், எந்த நாளைப் பற்றிய கடிதமோ அந்தத் தேதியைத் தலைப்பிலும் போட்டுவிடுகிறேன்.

ஜூலை 7, ஞாயிறு. இருபத்தாறு கடிதங்களையும் ஒரே கோப்பில் வரிசையாக ஒட்டி, அச்செடுத்து, காபியோடு உட்கார்ந்தேன். பெரிய ஏமாற்றம். ஒன்பது கடிதங்களில் காபிதான் இருந்தது. ஐந்தில் மழை. ஜூன் 14 அன்று எழுதியது இவ்வளவுதான்: “நல்ல மழை. நன்றி.” எந்த மழை, எங்கே நனைந்தேன், ஏன் நன்றி என்று எதுவும் நினைவில் இல்லை. அன்றன்று எழுதும்போது எல்லாம் மனத்தில் இருந்ததால் இரண்டு சொல் போதுமென்று தோன்றியிருக்கிறது. மூன்று வாரம் கழித்துப் படிக்கிறவனுக்கு அது போதவில்லை.

இது என் குறை மட்டும் இல்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்க உளவியலாளர் சோன்யா லியுபோமிர்ஸ்கியின் குழு ஆறு வாரம் நடத்திய ஓர் ஆய்வில், வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியிருக்கிறது. மூன்று முறை எழுதியவர்களுக்குக் கூடவில்லை. அடிக்கடி எழுதினால் சலித்துப்போகும் என்பது அவர்கள் தரும் விளக்கம். ஆனால் மார்ட்டின் செலிக்மன் குழுவின் 2005ஆம் ஆண்டு ஆய்வில் ஒரு வாரம் தினமும் எழுதியவர்களுக்குப் பலன் பல மாதம் நீடித்திருக்கிறது. அவர்கள் எழுதியவை அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களும், ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதும். அந்த ‘ஏன்’ என் கடிதங்களில் ஓரிடத்திலும் இல்லை.

ஜூலையிலிருந்து விஷயம் ஒன்றுதான், ஆனால் இடம், நேரம், ஏன் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். ஆகஸ்டில் இன்னொரு மழை நாள் வந்தது. அன்றைய கடிதம்: “மாலை 6.40. நிறுத்தத்தைத் தாண்டி ஐம்பதடி ஓடிவிட்ட பஸ்ஸை, நான் குடையோடு ஓடிவருவதைப் பார்த்து நடத்துநர் விசிலடித்து நிறுத்தினார். ஏன்? பின்படியில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தார், பார்க்காமலும் இருந்திருக்கலாம்.” இதை இப்போது படித்தாலும் அந்த விசில் கேட்கிறது.

எதிர்பாராதது ஒன்றும் உண்டு. ஜூலை, ஆகஸ்ட் தொகுப்புகளைச் சேர்த்துப் படித்தபோது அக்காவின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. என் மகனைத் தினமும் பள்ளியிலிருந்து அழைத்து வருகிறவர் அவர். தினமும் நடப்பதாலேயே கண்ணில் படவில்லை. பஸ்ஸை ஒரே ஒரு நாள் நிறுத்திய நடத்துநருக்கு ஏழு வரி! செப்டம்பரிலிருந்து சனிக்கிழமைக் கடிதம் தினமும் நடக்கும் ஏதாவது ஒன்றைப் பற்றியது.

கடிதங்களைத் தானாகவே தொகுக்க ஒரு நிரல் எழுதலாம் என்று நண்பர் சொன்னார். வேண்டாம் என்றேன். ஒவ்வொன்றாகத் திறந்து ஒட்ட நாற்பது நிமிடம் ஆகிறது. காபி ஒன்பது முறை வந்ததை அப்படி ஒட்டும்போதுதான் எண்ணினேன்.

செப்டம்பரின் முதல் சனிக்கிழமைக் கடிதத்தை அக்காவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, “இதையெல்லாம் உனக்கே அனுப்பிக்கொள்கிறாயா? எனக்கு அனுப்பக் கூடாதா?” என்றார். அவருக்கு மின்னஞ்சல் முகவரி கிடையாது. அந்தக் கடிதத்தை மட்டும் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறேன்.