கரும்பலகையில் ஒரு 5, எக்செல்லில் இரண்டு

எங்கள் பயிற்சிப் பிரிவில் நிறுவன நிதியியல் வகுப்பு முடிந்ததும், அந்தப் பாடத்தை எக்செல் டெம்ப்ளேட்டாக மாற்றும் வேலை என் மேசைக்கு வந்துவிடும். எண்களைப் போடும் கட்டங்கள் மேலே, பெயரிட்ட விடைகள் கீழே, நடுவில் கணக்கு. பார்ப்பவர்களுக்கு இது தட்டச்சு வேலை போலத் தெரியும். ஆனால் பாதி நேரம், வகுப்பில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததைத் தேடுவதிலேயே போகும்.

முதலீட்டுத் திட்டத்தை மதிப்பிடும் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். கரும்பலகையில் இருந்த கணக்கு இதுதான். ஓர் இயந்திரத்தின் விலை 1,000. நடைமுறை மூலதனமாக 100 தேவை, அது திட்டத்தின் முடிவில் திரும்பி வந்துவிடும். ஆண்டு வருவாய் 800, ரொக்கச் செலவு 400, வரி 25 சதவீதம், வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் கழிவு விகிதம் 10 சதவீதம், காலம் 5 ஆண்டுகள். தேய்மானம் ஆண்டுக்கு 200, ஆகவே வரிக்கு முந்தைய லாபம் 200, வரி 50. வரி போன 150-உடன் தேய்மானத்தைத் திரும்பக் கூட்டினால் ஆண்டுக்கு 350 கையில் நிற்கும். ஐந்தாம் ஆண்டில் மட்டும் 450. இந்த வரவுகளின் இன்றைய மதிப்பிலிருந்து முதலீட்டைக் கழித்தால் வரும் நிகர நிகழ்கால மதிப்பு 288.87.

இதில் எனக்கு முதலில் உறுத்தியது அந்த 5. கரும்பலகையில் அது ஒரே எண். ஆனால் அது இரண்டு வேலை செய்கிறது: திட்டம் எத்தனை ஆண்டு நடக்கும் என்பது ஒன்று, இயந்திரத்தை எத்தனை ஆண்டில் தேய்த்து எழுதலாம் என்பது இன்னொன்று. பாடத்தில் இரண்டும் ஒன்றாக அமைந்தது வசதிக்காக. அதை ஒரே கட்டமாக வைத்தால், யாராவது திட்டக் காலத்தை 3 என்று மாற்றியதும் தேய்மானம் ஆண்டுக்கு 333 ஆகிவிடும். திட்டத்தைச் சீக்கிரம் முடிக்கிறோம் என்பதற்காக எந்த வரித்துறையும் தேய்மான விகிதத்தை ஏற்றித் தராது. தாளோ முறுக்கிக்கொள்ளாமல் ஒரு விடையைக் கொடுத்துவிடும்.

ஆகவே இரண்டு கட்டங்கள். பிரித்த உடனே அடுத்த கேள்வி எழுந்தது. திட்டம் 3 ஆண்டில் முடிந்து, தேய்மானம் 5 ஆண்டுக்கு என்றால், புத்தகத்தில் 400 மீதம் நிற்கும். இயந்திரத்தை எவ்வளவுக்கு விற்கிறோம்? ஒன்றுமே கிடைக்காவிட்டால் அந்த 400 நட்டம், அதற்கு 100 வரி மிச்சமாகும். பேராசிரியரிடம் போய்க் கேட்டேன். “அது அடுத்த வகுப்பில் வருகிறது, இப்போதே போட்டால் மாணவர்கள் குழம்புவார்கள்” என்றார். “சார், வகுப்பில் யாரும் 5-ஐ மாற்றப் போவதில்லை, தாளில் முதலில் மாற்றுவதே அதைத்தானே” என்றேன். சிரித்துவிட்டு, விற்பனை மதிப்புக்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார். அதில் இயல்பாக 0 இருக்கும். பாடத்தில் உள்ள எண்களுக்கு விடை மாறாது.

கட்டங்களைப் பிரிப்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஆனால் எல்லாவற்றையும் கட்டமாக்கும் ஆசையும் ஆபத்துதான். உள்ளீடு நாற்பதாகிவிட்டால் எது முக்கியம் என்று யாருக்கும் தெரியாது. பாடத்தில் பெயர் சொல்லப்பட்ட எண்ணும், ஒரு சூத்திரத்துக்குள் ஒளிந்திருக்கும் அனுமானமும் மட்டுமே என் தாளில் உள்ளீடாகும்.

அடுத்த சிக்கல் காலத்தைப் பற்றியது. நிகர நிகழ்கால மதிப்பைக் கணக்கிடும் எக்செல்லின் `NPV` சார்பு, தனக்குக் கொடுக்கும் முதல் எண்ணையே ஓர் ஆண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். கரும்பலகையிலோ முதலீடு 0-ஆம் ஆண்டில் இருக்கிறது. -1,100 முதல் 450 வரை முழு வரிசையையும் அதற்குள் போட்டால் 262.61 வரும். சரியான 288.87-ஐ 1.1-ஆல் வகுத்ததுதான் அது. வகுத்தாலும் கூட்டல் குறி கழித்தல் குறியாக மாறாது. அதனால்தான் இந்தப் பிசகு பழைய தாள்களில் யார் கண்ணிலும் படாமல் நெடுங்காலம் உட்கார்ந்திருக்கிறது. திட்டத்தை ஏற்கலாமா என்ற கேள்விக்கு விடை சரியாகவே வரும், தொகை மட்டும் தவறு. வெவ்வேறு ஆண்டில் தொடங்கும் திட்டங்களை ஒப்பிடும்போதோ, பேரம் பேசி விலை குறிக்கும்போதோதான் அது கடிக்கும்.

அதே சார்புக்கு இன்னொரு குணமும் உண்டு: வெற்றுக் கட்டத்தைத் தாண்டிப் போய்விடும். மூன்றாம் ஆண்டில் வரவு இல்லை என்று யாராவது 0 போடாமல் காலியாக விட்டால், நான்காம் ஆண்டின் பணம் மூன்றாம் ஆண்டில் வந்ததாகக் கணக்காகும். எனவே அந்தச் சார்பையே நான் பயன்படுத்துவதில்லை. ஆண்டு எண்கள் ஒரு வரிசை, நிகரப் பணப்பாய்வு ஒரு வரிசை, கழிவுக் காரணி ஒரு வரிசை. பிறகு கடைசி இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் போதும்.

```
C20:  =1/(1+Rate)^C4
விடை: =SUMPRODUCT(C19:M19, C20:M20)
```

சூத்திரம் சற்று நீளம்தான். ஆனால் ஒவ்வோர் ஆண்டின் பணமும் எந்தக் காரணியால் பெருக்கப்படுகிறது என்பது கண்ணெதிரே இருக்கிறது. 0-ஆம் ஆண்டின் கீழே 1.0000 என்று தெரிந்தால் கால வரிசை சரி. மாணவர் அதை விரலால் தொட்டுக் காட்டலாம். சார்புக்குள் மூடி வைத்ததை அப்படிக் காட்ட முடியாது.

விடைகளின் பெயரிலும் இதே கண்டிப்புத் தேவைப்பட்டது. வெறுமனே ‘நிகர நிகழ்கால மதிப்பு’ என்று எழுதினால் போதாது. ‘நிகர நிகழ்கால மதிப்பு, 0-ஆம் ஆண்டுக்கு, வரவு ஆண்டிறுதியில்’ என்று எழுதினேன். ஆண்டு முழுவதும் பரவலாக வரும் வருமானத்தை ஆண்டின் நடுவில் வருவதாக வைத்தால், இதே திட்டம் 353.63 காட்டும். நடைமுறை மூலதனம் அப்போதும் ஐந்தாம் ஆண்டின் இறுதியில்தான் திரும்பும், அதை அரையாண்டு முன்னுக்கு இழுக்கக் கூடாது. எண் இப்படித் தாவும்போது, எந்த அனுமானத்தில் வந்தது என்பது பெயரிலேயே இல்லாவிட்டால், தாளை அச்சிட்டு எடுத்துப் போனவருக்கு அது தெரிய வழியில்லை.

நிறமும் பூட்டும் சின்ன வேலை. உள்ளீடுகளுக்கு நீல எழுத்து, சூத்திரங்களுக்குக் கறுப்பு, நிதித்துறையில் பரவலாக உள்ள பழக்கம். எக்செல்லில் எல்லாக் கட்டமும் பிறவியிலேயே பூட்டியது என்று குறிக்கப்பட்டிருக்கும், தாளைப் பாதுகாத்தால்தான் அது செயல்படும். எனவே முதலில் நீலக் கட்டங்களை மட்டும் திறந்துவிட்டு, பிறகு பாதுகாப்பைப் போட வேண்டும். கழிவு விகிதக் கட்டத்தில் 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண் மட்டும் ஏற்கும்படி கட்டுப்பாடு வைத்தேன். இல்லாவிட்டால் சதவீத வடிவம் அழிந்துபோன கட்டத்தில் 10 என்று தட்டுபவர் 1,000 சதவீதத்தில் கழித்துக்கொண்டிருப்பார்.

ஒப்படைக்கும் முன் இரண்டு சோதனைகள் செய்தேன். பாடத்தின் எண்களைப் போட்டால் 288.87 வர வேண்டும். கழிவு விகிதத்தை 0 ஆக்கினால் கழிவுக் காரணி எல்லாம் 1 ஆகி, வெறும் கூட்டல் மிஞ்சும்: ஐந்து முறை 350, கூட 100, கழிக்க 1,100, ஆக 750. இரண்டாவது சோதனையை மனக்கணக்காகவே முடிக்கலாம் என்பதால் அதைத் தாளின் ஓரத்திலேயே எழுதி வைத்தேன். நட்டம் வரும் ஆண்டில் வரி எதிர்மறையாகிப் பணம் உள்ளே வருவது போலத் தெரியும். நிறுவனத்துக்கு வேறு லாபம் இருந்தால்தான் அது சரி. அதற்கு ஒரு ஆம்-இல்லை கட்டம் வேண்டுமா என்று பேராசிரியரிடம் கேட்டிருக்கிறேன். நட்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோவதையும் சேர்த்தே செய்யலாம் என்கிறார். அப்படியென்றால் இன்னும் மூன்று வரிசைகள் கூடும்.