‘ய’ இறங்கும் இடம்

திங்கட்கிழமை விடிய அம்மாவைக் கூட்டிக்கொண்டு மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போனேன். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கத்தில் கால் வைக்க இடம் இருக்காது. அன்றைக்குக் குளக்கரையில் நாலைந்து பேர்தான் நின்றார்கள். உள்ளே அபிஷேகம் தொடங்கி, குருக்கள் ஐயா வேதத்தில் வரும் ஸ்ரீருத்ரம் சொல்லத் தொடங்கியிருந்தார். அம்மா தூணோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு சமஸ்கிருதம் ஓர் எழுத்தும் தெரியாது. "விளங்குதா அம்மா?" என்று முன்பு ஒருநாள் கேட்டிருக்கிறேன். "விளங்கி அழவேணுமெண்டா தேவாரம் இருக்கு மகன். இது காதுக்கு" என்றார். அந்தப் பதிலை நான் பல வருடம் சரியாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் ருத்ரத்தைத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தை வைத்து, பொருளையும் சேர்த்துப் படித்துத்தான் மனப்பாடம் செய்தேன். பொருள் தெரிந்தால் மறக்காது என்று நினைத்தேன். எட்டாவது அனுவாகம் என்ற பகுதியில் அந்த நினைப்பு உடைந்தது. அங்கே, "நம: ஶம்பவே ச மயோபவே ச, நம: ஶங்கராய ச மயஸ்கராய ச, நம: ஶிவாய ச ஶிவதராய ச" என்று வரும். ஶம்பு, மயோபு, ஶங்கரன், மயஸ்கரன் எல்லாமே இன்பம் தருபவன், இன்பத்துக்கு மூலமானவன் என்ற ஒரே வட்டத்துக்குள் நிற்கிற சொற்கள். உரைகாரர்கள் நுணுக்கமாகப் பிரித்துக் காட்டுவார்கள். சொல்கிற நேரத்தில் என் மனசுக்கு அந்தப் பிரிவு நிற்கவில்லை. "ஶங்கராய ச மயோபவே ச" என்று மாற்றிச் சொல்லிக்கொண்டே பல மாதம் இருந்திருக்கிறேன். பொருள் கெடாததால் பிழை எனக்குத் தெரியவில்லை. குருக்கள் ஐயாவின் காதுதான் பிடித்தது.

பொருளைப் பிடித்து நினைவு வைக்கிறவன், அதே பொருளுள்ள இன்னொரு சொல்லை வைத்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுவான். கதை சொல்லும்போது அது குற்றமில்லை. வேதத்தில் அப்படி ஒரு சொல் மாறினால், பிறகு வருகிறவனுக்கு மூலச் சொல் எது என்று தெரியவே வழியில்லை. எழுதி வைக்காமல் வாயிலிருந்து காதுக்கு வந்த நூல் அது.

அன்று பூசை முடிந்து விபூதி வாங்கிய பிறகு ஐயா என்னை மண்டபத்தில் இருத்தினார். அவர் இளவயதில் தமிழ்நாட்டில் பாடசாலையில் இருந்து படித்தவர். குரு ஒரு தரம் சொல்ல, பிள்ளைகள் இரண்டு தரம் சொல்வார்கள். அதற்கு சந்தை சொல்லுதல் என்று பெயர். புத்தகம் பிறகுதான். "நமச்சிவாய எண்டு எல்லாரும் சொல்லுறம் தம்பி. அதைக் கனத்தில சொல்லிப் பாருங்கோ" என்றார்.

கனம் என்பது சொற்களை முன்னும் பின்னுமாகப் பின்னிச் சொல்லும் முறை. நம:, ஶிவாய, ச என்ற மூன்று சொல்லை எடுத்தால் ஒன்று இரண்டு, இரண்டு ஒன்று, ஒன்று இரண்டு மூன்று, மூன்று இரண்டு ஒன்று, மறுபடி ஒன்று இரண்டு மூன்று. வாயில் அது இப்படி வரும்: "நமஶ்ஶிவாய ஶிவாய நமோ நமஶ்ஶிவாய ச ச ஶிவாய நமோ நமஶ்ஶிவாய ச." அடுத்த சுற்று ஶிவாய என்பதில் தொடங்கும், அதற்கடுத்தது ச என்பதில். நடுவில் வரும் ஒரு சொல் முதலாவதாக நின்று ஐந்து தரம், இரண்டாவதாக நின்று ஐந்து தரம், மூன்றாவதாக நின்று மூன்று தரம் என்று மொத்தம் 13 தரம் சொல்லப்படும். என்னைப்போல் ‘மயஸ்கராய’வின் இடத்தில் ‘மயோபவே’யைப் போடுகிறவன் 13 இடத்திலும் அதைப் போடவேண்டும். கூடச் சொல்கிறவர்கள் முதல் இடத்திலேயே நின்றுவிடுவார்கள்.

"ச ஶிவாய நமோ" என்ற தலைகீழ் வரிசையில் பொருள் தேடினால் வாக்கியம் எதுவும் கிடைக்காது. வாக்கியத்தைத் தெரிந்தே உடைத்துத்தான் ஒலியைக் காத்திருக்கிறார்கள்.

நான் சொல்லத் தொடங்கினேன். "ஶிவாய நமோ" என்ற இடத்தில் ஐயா கையைத் தூக்கினார். "ய-வை இறக்குங்கோ." மறுபடி சொன்னேன். மறுபடி கை உயர்ந்தது. நேராகச் சொல்லும்போது "நம: ஶிவாய ச" என்பதில் ‘ம’ மேலே ஏறும், ‘ஶி’ கீழே இறங்கும், ‘வா’ நடுவில் நிற்கும், ‘ய’ மேலே ஏறும். புத்தகத்தில் மேல்கோடும் கீழ்க்கோடும் போட்டிருப்பதால் அதுவரை எனக்குத் தெரியும். அந்த ‘ய’, உதாத்தம் என்ற மூல ஸ்வரமுள்ள ‘வா’வுக்குப் பின்னால் வருவதால்தான் ஏறுகிறது. ஆனால் அதை அடுத்து ‘நமோ’ வந்தால், அதன் ‘ந’வும் உதாத்தம். உதாத்தத்துக்கு நேர் முன்னால் நிற்கும் எழுத்து ஏறக்கூடாது, இறங்கவேண்டும். அதே சொல், அதே எழுத்து, பக்கத்தில் யார் என்பதைப் பொறுத்து ஏறியும் இறங்கியும் வருகிறது. அந்த விதியை வாயால் கடைப்பிடித்தபடி 13 தரம் போகிறவனுக்கு ஒவ்வொரு எழுத்தின் சொந்த ஸ்வரமும் உள்ளே பதிந்துவிடும். மனப்பாடத்தோடு ஒரு கணக்குப் பரிசோதனையும் நடந்துவிடுகிறது. ‘நம:’ என்பது ஓரிடத்தில் ‘நமஶ்’ ஆகவும் இன்னோரிடத்தில் ‘நமோ’ ஆகவும் மாறுவதும் இதே பரிசோதனைதான்.

இதற்கும் எல்லை உண்டு. சொல் சொல்லாகப் பிரித்த பதபாடம் இருக்கும் பகுதிக்குத்தான் கனம் சொல்லலாம். யஜுர்வேதத்தின் தைத்திரீய சம்ஹிதைக்கு அது இருப்பதால், அதில் வரும் ருத்ரத்துக்கும் கனம் உண்டு.

பொருள் வேண்டாமா என்று ஐயாவிடம் கேட்டேன். வேதச் சொற்களின் பொருளை ஆராயும் நிருக்தம் என்ற நூலை எழுதிய யாஸ்கர், பொருள் அறியாமல் வேதம் ஓதுகிறவனைச் சுமை தாங்கி நிற்கும் கட்டை என்கிற வரியை எடுத்துக் காட்டுகிறார். கடுமையான சொல், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் அதே நிருக்தத்தில் கௌத்சர் என்பவரின் வாதமும் வருகிறது: மந்திரங்களுக்குப் பொருளே இல்லை, ‘ஜாரயாயி’, ‘காணுகா’ போன்ற சொற்களுக்கு அர்த்தம் தெளிவில்லையே என்று. யாஸ்கர் அவருக்கு மறுப்புச் சொல்கிறார், சரி. எனக்கு அதில் தெரிவது வேறு. அந்தக் காலத்திலேயே பொருள் மங்கிப்போன சொற்கள் ஒலி குறையாமல் அவர்கள் முன்னால் வந்து நின்றிருக்கின்றன. பொருள் தெரியாதவர்களும் அப்படியே சுமந்து வந்ததால்தான் யாஸ்கர் ஆராய ஒரு சொல் இருந்தது. பொருள் புரியவில்லை என்று யாராவது ‘காணுகா’வை நல்ல சொல்லாகத் திருத்தியிருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஐயாவிடம் இதைச் சொன்னேன். அவர், "முதல்ல ய-வை இறக்குங்கோ தம்பி" என்றார்.

பின்னேரம் அம்மா மண்டூர் போகவேண்டும் என்றார். குருமண்வெளியில் பாதை என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்தோம். மண்டூர் முருகன் கோயிலில் கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்வார். மந்திரம் காதில் விழாது. திரை, மணி, கற்பூரம், அவ்வளவுதான். காலையில் ருத்ரத்துக்கு அசையாமல் இருந்த அம்மா அங்கே விம்மி அழுதார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பும்போது பாதையின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். நமஶ்ஶிவாய ஶிவாய நமோ. ஐந்தாவது தரமோ ஆறாவது தரமோ, ‘ய’ தானாக இறங்கியது. அம்மா கண்ணைத் திறக்காமல், "இப்ப ஐயா சொன்ன மாதிரி கேக்குது" என்றார்.