டர்னிடின் அறிக்கையை வாசித்துத் திருத்துவது எப்படி?

இறுதியாண்டு ஆய்வேட்டை ஒப்படைக்கும் காலம் வந்தால், வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் படிக்கும் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை வீதம் வந்தது?" என்பதுதான். அந்த வீதம் சொல்வது ஒன்றைத்தான்: உங்கள் எழுத்தில் எவ்வளவு பகுதி டர்னிடின் மென்பொருள் தேடும் இணையப் பக்கங்கள், ஆய்விதழ்கள், முன்னைய மாணவர் படைப்புகள் ஆகியவற்றோடு சொல்லுக்குச் சொல்லாகவோ மிக நெருக்கமாகவோ ஒத்துப்போகிறது என்பது. அது களவா இல்லையா என்று மென்பொருள் தீர்ப்புச் சொல்வதில்லை. 12 வீதத்துக்குள் ஒரு பக்கம் அப்படியே எடுத்ததாக இருக்கலாம். 30 வீதம் முழுவதும் உசாத்துணைப் பட்டியலாகவும் இருக்கலாம். எனவே வீதத்தைக் குறைக்க வேண்டும் என்று தொடங்காமல், அறிக்கையில் நிறமிட்ட ஒவ்வொரு துண்டும் ஏன் நிறமிடப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

அதற்கு முன், வரைவை எங்கே ஏற்றுவது என்பதைச் சரியாகத் தீர்மானியுங்கள். மேற்பார்வையாளரிடம் கேட்டு, பீடத்தின் கணக்கில் வரைவுக்கென ஒரு பகுதி திறந்து தரச் சொல்லுங்கள். அந்தப் பகுதியின் அமைப்பில் படைப்பைச் சேமிக்கும் இடம் no repository என்று இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் வரைவு டர்னிடினின் களஞ்சியத்தில் தங்கிவிடும். பிறகு இறுதிப் பிரதியை வேறொரு பகுதியில் ஏற்றும்போது, உங்கள் ஆய்வேடு உங்கள் வரைவோடேயே ஒத்துப்போய் வீதம் நூறை நெருங்கும். காசுக்கு அறிக்கை எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் கொடுப்பதில் உள்ள பெரிய ஆபத்தும் இதுதான். அவர்கள் எந்த நிறுவனத்தின் கணக்கில், எந்த அமைப்பில் ஏற்றினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அங்கே சேமிக்கப்பட்ட பிரதியை நீக்கச் சொல்லி நீங்கள் நேரடியாகக் கேட்கவும் முடியாது.

இனி ஒரு அறிக்கையை எடுத்துக்கொள்வோம். இரணைமடுக்குளத்து நீரில் நெல் செய்யும் விவசாயிகளைப் பற்றிய ஆங்கில ஆய்வேடு ஒன்றுக்கு 34 வீதம் வந்திருக்கிறது என்று வையுங்கள். முதலில் வடிகட்டிகளைத் திறந்து bibliography என்பதை விலக்குகிறோம். 22 ஆகக் குறைகிறது. குறையாவிட்டால் உங்கள் பட்டியலின் தலைப்பைப் பாருங்கள். References, Bibliography போன்ற வழக்கமான தலைப்பு தனி வரியில் இருந்தால்தான் மென்பொருள் அதை அடையாளம் காணும். சிறிய ஒத்தல்களை விலக்கும் வசதியும் உண்டு. ஆனால் அதில் எத்தனை சொல் என்று உங்கள் விருப்பத்துக்குக் கூட்டிப் போடாதீர்கள். பீடம் எந்த அமைப்பில் பார்க்குமோ அதே அமைப்பில் நீங்களும் பார்த்தால்தான் இரு எண்ணும் பொருந்தும்.

மிஞ்சிய 22 இல் 3 வீதம் உறுதிமொழிப் பக்கமும் பீடம் தந்த முன்பக்க வாசகங்களும். அவற்றைத் தொட வேண்டாம். எல்லா மாணவரும் அதே வாசகத்தைத்தான் போடுகிறார்கள். 4 வீதம் உங்கள் சொந்த ஆய்வு முன்மொழிவோடு ஒத்தது. முன்மொழிவைச் சேமிக்கும் பகுதியில் ஏற்றியதால் வந்த விளைவு இது. அந்த மூலத்தை மேற்பார்வையாளருக்குக் காட்டுங்கள். அறிக்கையிலிருந்து அதை விலக்குவது அவர் முடிவு. இன்னொரு 4 வீதம் சிதறிக் கிடக்கும் துண்டுகள்: திணைக்களங்களின் பெயர்கள், புள்ளிவிபரச் சோதனையைச் சொல்லும் வழமையான தொடர்கள். இவற்றை மாற்றப் போனால் சரியான கலைச்சொல்லை இழப்பீர்கள். விட்டுவிடுங்கள்.

உண்மையான வேலை மீதி 11 வீதத்தில் இருக்கிறது. டர்னிடினின் புதிய வடிவ அறிக்கையில் ஒத்தல்கள் நான்கு கூட்டங்களாகப் பிரிந்து தெரியும். Cited and Quoted என்பதில் பெரும்பாலும் செய்ய ஒன்றுமில்லை. நீண்ட மேற்கோள்கள் மிதமிஞ்சி வந்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். Missing Citation என்றால் மேற்கோள் குறி இருக்கிறது, மூலம் இல்லை. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் சேர்த்தால் முடிந்தது. Missing Quotations என்பதில்தான் பலர் வாதாடுவார்கள்: "நான் மூலம் போட்டிருக்கிறேனே?" மூலம் போட்டது சரி. ஆனால் வசனம் மூல ஆசிரியருடையது. மூலம் கொடுத்தால் கருத்துக்குக் கடன் தீரும், வசனத்துக்குத் தீராது. வரைவிலக்கணம் போல, சொல் மாறக்கூடாத இடமானால் இரட்டை மேற்கோள் குறி போடுங்கள். ஒற்றைக் குறிக்குள் இருப்பதை வடிகட்டி மேற்கோளாக எடுப்பதில்லை. மற்ற இடங்களில் உங்கள் வசனத்தில் எழுதி, மூலத்தை அப்படியே வைத்திருங்கள். நம் ஆய்வேட்டில் ஆய்வு முறை அத்தியாயத்திலிருந்து வந்த 5 வீதம் இப்படிப்பட்டது.

கடைசியாக Not Cited or Quoted. இங்கே 6 வீதம், ஒரே மூலம், முன்னைய மாணவர் ஒருவரின் படைப்பு. நிறமிட்டிருப்பது ஆய்வுப் பிரதேசத்தை விபரிக்கும் பகுதி. வன்னியைப் பற்றிய ஆய்வேடுகளில் அடிக்கடி சிக்குவதும் இந்தப் பகுதிதான், ஏனென்றால் ஒருவர் எழுதிய மாவட்ட அறிமுகம் அடுத்தடுத்த ஆண்டுப் பிள்ளைகளின் கைக்கு அப்படியே போகிறது. தமிழில் சொன்னால் அந்த வசனம் இப்படி இருக்கும்: "கிளிநொச்சி மாவட்டம் வடக்கு மாகாணத்தில் உலர் வலயத்தில் அமைந்துள்ளது, விவசாயமே மக்களின் பிரதான வாழ்வாதாரம்."

இதை "உலர் வலயத்திலே கிளிநொச்சி மாவட்டம் காணப்படுகிறது, கமத்தொழிலே முக்கிய ஜீவனோபாயம்" என்று மாற்றினால் நிறம் சில இடங்களில் மறையலாம். ஆனாலும் அது இன்னொருவர் கட்டிய பந்திதான். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசிக்கும் பரிசோதகருக்கு உடனே தெரியும்.

மூலத்தை மூடிவையுங்கள். இந்தப் பந்தி உங்கள் ஆய்வுக்கு ஏன் வேண்டும் என்று கேளுங்கள். பதில் கிடைத்ததும் எழுத்து வேறாக வரும்: "ஆய்வில் பங்கெடுத்தவர்கள் இரணைமடுக்குளத்து நீரில் நெல் செய்பவர்கள். சிறுபோகத்தில் எவ்வளவு காணி விதைக்கலாம் என்பது குளத்தில் மிஞ்சும் நீரைப் பொறுத்தது. ஆகவே வினாக்கொத்தில் காலபோகத்தையும் சிறுபோகத்தையும் தனித்தனியாகக் கேட்டோம்." இதில் முதல் வசனமும் மூன்றாவதும் உங்களுடையவை. இரண்டாவதற்கு மூலம் வேண்டும். அதையும் முன்னைய ஆய்வேட்டிலிருந்து எடுக்காமல், நீர்ப்பாசனத் திணைக்களத்திலோ கமநல சேவை நிலையத்திலோ தரவைப் பெற்று அந்த மூலத்தைக் கொடுங்கள். மாவட்டச் செயலகத்தின் புள்ளிவிபரக் கையேட்டை நேரே பார்த்தால், பழைய ஆய்வேட்டில் பிழையாகக் கொப்பியான எண்கள் உங்களிடம் வந்து சேராது.

மாணவர் படைப்பு மூலமாக வரும்போது அறிக்கை பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரை மட்டும் காட்டும், முழுப் பிரதியைத் திறக்காது. அந்தப் படைப்பை நீங்கள் பார்த்ததேயில்லை என்றால், நீங்கள் வாசித்த வேறொரு மூலத்தை இருவரும் எடுத்திருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் குறிப்புகளில் அந்த மூலத்தைத் தேடிப் பிடித்து அதையே குறிப்பிடுங்கள்.

திருத்தியதும் மறுபடி ஏற்றிப் பார்க்க நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மீள ஏற்ற அனுமதித்த ஒரே பகுதியில் வழக்கமாக முதல் மூன்று அறிக்கைகள் சீக்கிரம் வரும். அதற்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும். எனவே ஒரு பந்தியைத் திருத்தியவுடன் ஓடிப்போய் ஏற்றாமல், அத்தியாயங்கள் முழுவதையும் திருத்திவிட்டு ஏற்றுங்கள். ஒப்படைக்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாக முதல் அறிக்கையை எடுத்தால், ஆய்வுப் பிரதேசப் பகுதியைப் புதிதாக எழுதவும், திணைக்களத்துக்குப் போய்த் தரவு கேட்கவும் நாள் இருக்கும்.